வரி பாக்கி இருந்தால் விமானம் ஏற முடியாதா?

2024 ஜூலையில் மத்திய பட்ஜெட் வந்த சில நாட்களில் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவியது. அக்டோபர் 1 முதல் வெளிநாடு போகும் இந்தியர் எல்லாரும் வருமான வரி அலுவலகத்தில் ‘பாக்கி இல்லை’ என்று சான்றிதழ் வாங்கினால்தான் விமானம் ஏற முடியும் என்றது அது. சென்னையில் இருப்பவருக்கு இது எரிச்சலூட்டும் வதந்தி, அவ்வளவுதான். அந்தமானில் இருப்பவருக்குக் கதை வேறு. கத்தாருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டிச் சென்னைக்கு வர வேண்டும். ஹாடோ துறைமுகத்தில் கப்பலேறினால் சுமார் மூன்று நாள் பயணம். சென்னை கவுன்ட்டரில் ஒரு காகிதம் இல்லையென்று திருப்பி அனுப்பினால், மறுநாள் போய் எடுத்து வர முடியாது.

அந்த வதந்திக்குக் காரணம், பட்ஜெட்டோடு வந்த நிதி மசோதாவில் இருந்த ஒரு சிறு திருத்தம். வருமான வரிச் சட்டம் 1961-இன் 230-ஆம் பிரிவில், சான்றிதழ் தரும்போது எந்தெந்தச் சட்டங்களின் பாக்கியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தையும் சேர்த்தார்கள். மாற்றம் அவ்வளவே. யார் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற விதியை யாரும் தொடவில்லை. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 ஆகஸ்ட் 20 அன்று இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. ஆனாலும் வதந்தி போன இடத்துக்கெல்லாம் விளக்கம் போய்ச் சேரவில்லை.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? 230-ஆம் பிரிவு வெளியே போகிறவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகை, இந்தியாவை நிரந்தர இருப்பிடமாகக் கொள்ளாமல், தொழிலுக்கோ வேலைக்கோ இங்கே வந்து சம்பாதித்தவர்கள். ஹேவ்லாக்கில், அதாவது இன்றைய ஸ்வராஜ் தீவில், ஒரு டைவிங் பள்ளியில் சம்பளத்துக்கு வேலை பார்த்த வெளிநாட்டுப் பயிற்றுநரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஊர் திரும்பும்போது, ‘இவருடைய வரிக்கு நான் பொறுப்பு’ என்று சம்பளம் கொடுத்தவர் படிவம் 30ஏ-யில் எழுதித் தர வேண்டும். அதன்பேரில் வருமான வரித்துறை படிவம் 30பி-யில் ஆட்சேபம் இல்லை என்று சான்று தரும். இவருக்கு இது கட்டாயம்.

இரண்டாம் வகை நாம். இங்கேயே வேர் கொண்டவர்கள். 2003 ஜூன் முதல் நமக்குப் பொதுவிதி மிக எளிது. பான் எண், எதற்காகப் போகிறோம், எத்தனை நாள் தங்கப்போகிறோம் என்ற விவரங்களைப் படிவம் 30சி-யில் தெரிவித்தால் போதும். பான் இல்லாதவர், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று அதிலேயே குறிப்பிடலாம். இது வெறும் தகவல். அதிகாரி பார்த்து ஒப்புதல் தர வேண்டிய விண்ணப்பம் அல்ல. நடைமுறையில் குடியகல்வு கவுன்ட்டரில் சாதாரணப் பயணியிடம் இதை யாரும் கேட்பதில்லை. இந்தியர்கள் நிரப்பிக் கொடுத்துவந்த புறப்பாட்டு அட்டையையே 2017 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டார்கள். சட்டப் புத்தகத்தில் இருந்துகொண்டு கவுன்ட்டரில் காணாமல்போன படிவங்களில் 30சி-யும் ஒன்று என்பது என் எண்ணம். இருந்தாலும் ஒரு பக்கத் தாள்தான், நிரப்பிக் கையில் வைத்திருப்பதில் நஷ்டம் இல்லை.

அப்படியானால் ‘டாக்ஸ் கிளியரன்ஸ்’ யாருக்குத்தான்? 2004 பிப்ரவரி 5 தேதியிட்ட வாரியத்தின் அறிவுறுத்தல் இரண்டே பேரைச் சொல்கிறது. ஒருவர், பெரிய நிதி முறைகேட்டில் சிக்கி, விசாரணைக்கு இங்கே இருந்தாக வேண்டியவர். அவர்மேல் வரிக் கோரிக்கை எழ வாய்ப்பும் இருக்க வேண்டும். மற்றவர், 10 லட்சம் ரூபாய்க்கு மேல் நேரடி வரி பாக்கி வைத்திருப்பவர். அந்தப் பாக்கிக்கு எந்த அதிகாரியோ நீதிமன்றமோ தடை கொடுத்திருக்கவும் கூடாது. இந்த இருவரிடம்கூட ஓர் அதிகாரி தன் இஷ்டத்துக்குச் சான்றிதழ் கேட்டுவிட முடியாது. காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து, தலைமை ஆணையரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கூலி வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் போகிறவருக்கு 10 லட்சம் வரி பாக்கி எங்கிருந்து வரும் என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வருமானத்தில் 10 லட்சத்தைப் பார்க்காதவர் தலையிலும் அவ்வளவு பெரிய கோரிக்கை விழ முடியும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டெலானிப்பூரில் சின்னச் சின்ன வயரிங் ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்கிறவர் ஒருவர். 2016 நவம்பரில் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானபோது, வேலையாட்கள் கூலிக்கும் சாமான் வாங்கவும் வைத்திருந்த பணம், மனைவியின் சேமிப்பு, மச்சானிடம் வாங்கிய கடன் எல்லாம் சேர்த்து 18 லட்சத்தை வங்கியில் போடுகிறார். விளக்கம் கேட்டு வருமான வரித்துறை நோட்டீஸ் அனுப்புகிறது. பதில் இல்லை. கையில் இருந்த தகவலை வைத்து அதிகாரி வரியை முடிவு செய்கிறார். விளக்கப்படாத பணம் என்று எழுதிவிட்டால் அதற்குத் தனி விகிதம். 60 சதவீத வரி, அந்த வரியின்மேல் 25 சதவீத கூடுதல் கட்டணம், அதன்மேல் 3 சதவீத செஸ். மொத்தம் 77.25 சதவீதம். 18 லட்சத்துக்கு 13,90,500 ரூபாய். இது அசல் மட்டும். கோரிக்கை நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி, அதாவது மாதம் 13,905 ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும்.

நோட்டீஸுக்கு ஏன் பதில் போகவில்லை? பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. பான் வாங்கிக்கொடுத்து முதல் ரிட்டர்னைப் போட்டவர் ஊரில் ஒரு கணக்காளர். இணையதளத்தில் அவர் கொடுத்தது தன்னுடைய மெயில் முகவரி, தன்னுடைய கைபேசி எண். கோரிக்கையும் நினைவூட்டலும் அந்த மெயிலுக்கே போயின. கணக்காளர் கடையை மூடிக்கொண்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டால், ஒப்பந்தக்காரருக்கு ஒன்றும் தெரியாது. முன்பாவது தபால்காரர் ஒரு கவர் கொண்டுவருவார். இப்போது மதிப்பீடு முகம் பாராமல் கணினி வழியாக நடக்கிறது. எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி இவருடைய கோப்பை முடிக்கிறார். தீவுக்காரருக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து 2020 ஆகஸ்ட் 10-இல் சேவை தொடங்கிய பிறகு, முன்பு அரை மணி நேரம் சுழன்றுகொண்டிருந்த இணையதளம் இப்போது திறக்கிறது. பார்க்க வேண்டும் என்று நினைத்தால் பார்த்துவிடலாம்.

உங்கள் பாக்கிப் பக்கத்தைப் பார்க்கிற வழி இது. வருமான வரி இணையதளமான incometax.gov.in-இல் பான் எண்ணால் நுழையுங்கள். முதல் வேலையாக Profile பகுதியில் உங்கள் மெயிலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே மாற்றுங்கள். பிறகு Pending Actions என்பதன் கீழ் Response to Outstanding Demand என்று ஒரு பக்கம் இருக்கும். ஆண்டுவாரியாகப் பாக்கி இருந்தால் அங்கே வரிசையாகத் தெரியும். e-Proceedings என்ற பக்கத்தில் இன்னும் முடியாத நோட்டீஸ்கள் இருக்கும். கடைசியாக AIS எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை. வங்கியும் ஒப்பந்தம் கொடுத்தவரும் உங்களைப் பற்றித் துறைக்குச் சொன்னதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் காட்டாத வருமானம் அங்கே இருந்தால், அடுத்த கோரிக்கை அதிலிருந்துதான் பிறக்கும்.

பழைய ஆண்டுகளின் சில ஆயிரம் ரூபாய்க் கோரிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம். 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 2009-10 வரையிலான ஆண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையிலும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையிலும் இருந்த பழைய கோரிக்கைகளைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் என்று பிறகு உச்சவரம்பும் வைத்தார்கள். இன்னும் பட்டியலில் நிற்கிற தொகை சரியென்றால் கட்டிவிடலாம். தவறென்றால் காரணம் சொல்லி மறுக்கலாம். இரண்டுக்கும் அதே பக்கத்தில் வழி இருக்கிறது.

நம் வயரிங் ஒப்பந்தக்காரருக்கு அப்படி முடியாது. அவர் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது மேல்முறையீடு. ஆணை கிடைத்த 30 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும். அது கடந்துவிட்டதால், மெயில் வேறொருவருக்குப் போன கதையை ஆதாரத்தோடு எழுதி, தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். ஏற்பது மேல்முறையீட்டு அதிகாரியின் முடிவு. இரண்டாவது தடை மனு. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது, கோரிக்கையில் 20 சதவீதம் கட்டினால் மீதித் தொகையை வசூலிக்காமல் மதிப்பீட்டு அதிகாரி நிறுத்திவைக்கலாம் என்று வாரியம் 2017 ஜூலை 31 முதல் வகுத்திருக்கிறது. வட்டியை ஒதுக்கிவிட்டால் இவருக்கு அது 2,78,100 ரூபாய். கட்டிய சலானோடு மனுக் கொடுத்துத் தடை ஆணையைக் கையில் வாங்கிவிட்டால், ‘தடையில்லாத 10 லட்சத்துக்கு மேல்’ என்ற வரையறைக்கு அவர் வெளியே வந்துவிடுகிறார். கவனியுங்கள், மனுப் போட்டது மட்டும் போதாது. ஆணை வர வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

தடை கிடைக்கவில்லை, அதிகாரியும் சான்றிதழ் கேட்கிறார் என்றால் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது அவர் பார்ப்பது எந்தெந்த ஆண்டுக்கு ரிட்டர்ன் போட்டிருக்கிறது, எவ்வளவு பாக்கி, எந்த நோட்டீஸ் நிலுவையில், எதற்காக எத்தனை காலம் வெளியே போகிறார் என்பவற்றை. முழுப் பாக்கியும் தீர்ந்தால்தான் சான்றிதழ் என்று சட்டம் சொல்லவில்லை. பாக்கியைக் கட்டுவதற்குத் திருப்தியான ஏற்பாடு செய்திருந்தாலும் தரலாம் என்கிறது. அதனால் தவணைத் திட்டம் ஒன்றை எழுதிக்கொடுத்துப் பேச இடம் இருக்கிறது. சான்றிதழ் படிவம் 33-இல் வரும். சான்றிதழ் கேட்கப்பட்டவரை அது இல்லாமல் ஏற்றிச்சென்ற கப்பல் அல்லது விமான நிறுவனமே அந்த வரிக்குப் பொறுப்பாக நேரிடும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

உங்கள் கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தீவில் பிறந்து, சென்னையில் படிக்கும்போது அங்கே முகவரி கொடுத்துப் பான் வாங்கியவரின் கோப்பு இன்னும் சென்னையிலேயே இருக்கலாம். இணையதளத்தின் Know Your AO பக்கத்தில் பான் எண்ணைப் போட்டால் தெரியும். தவறான அலுவலகத்துக்குப் போன தடை மனு சுற்றிக்கொண்டிருக்கும்.

கவுன்ட்டரில் என்ன நடக்கிறது?

சென்னை விமான நிலையத்தில் வரித்துறைக்கென்று பயணிகள் கடந்துபோக வேண்டிய கவுன்ட்டர் எதுவும் இல்லை. குடியகல்வு அதிகாரி பார்ப்பது பாஸ்போர்ட், விசா, போர்டிங் பாஸ், பிறகு கணினித் திரை. அந்தத் திரையில் உங்கள் பெயருக்கு எதிரே ‘லுக் அவுட் சர்க்குலர்’ இருந்தால்தான் நிறுத்துவார். போலீஸ், அமலாக்கத்துறை போல வருமான வரித்துறையும் இப்படி ஒரு சுற்றறிக்கையைக் கேட்டு வாங்க முடியும். வாங்கிய துறை திரும்பப் பெறும்வரை அது இருக்கும். பொதுத்துறை வங்கிகளுக்கும் இந்த அதிகாரம் இருந்தது. அது செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சிக்கல் என்னவென்றால் சுற்றறிக்கை இருப்பதை முன்கூட்டி யாரும் சொல்ல மாட்டார்கள். கவுன்ட்டரில்தான் தெரியும். அப்படி நிறுத்தப்பட்டால் அங்கே வாதாடிப் பயனில்லை, எந்தத் துறை கேட்டது என்பதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். பிறகு அந்தத் துறையிடம் மனு, அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட். தீவுகள் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகின்றன. அதன் சுற்று அமர்வு ஸ்ரீ விஜயபுரத்திலேயே, பழைய போர்ட் பிளேரில்தான், கூடுகிறது.

உண்மையில் கவுன்ட்டரில் தீவுத் தொழிலாளர்கள் மாட்டக்கூடிய இடம் வேறு. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்று, அதாவது இசிஆர் என்று, குறித்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளில் வேலைக்குப் போக, இ-மைகிரேட் தளத்தின் வழியே குடியகல்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் வேண்டும். அனுமதி இல்லையென்றால் விசா இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வரிக் காகிதம் இந்த இடத்தில் எதிர்பாராத உதவி செய்கிறது. வருமான வரி கட்டுகிறவரும், அவருடைய துணையும், அவரைச் சார்ந்த பிள்ளைகளும் இசிஆர் இல்லாத பாஸ்போர்ட் பெறத் தகுதி உள்ளவர்கள். படிப்பு இல்லாவிட்டாலும் சரி. ஆனால் பான் அட்டையைக் காட்டினால் போதாது. ரிட்டர்ன் போட்டதற்கும், வரியை உண்மையாகக் கட்டியதற்கும் சான்று கேட்பார்கள். 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குப் புதிய முறையில் 2025-26 முதல் வரியே வராது என்றான பிறகு, இந்த வழி பலருக்கு அடைபட்டுப்போகும் என்றே தோன்றுகிறது. கப்பல் ஊழியர்களுக்கு வேறு வழி இருக்கிறது. சிடிசி வைத்திருப்பவர்களும் இசிஆர் இல்லாத வகையில்தான் வருகிறார்கள்.

கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட், வேலை விசா, வேலை ஒப்பந்தம், இசிஆர் ஆனால் அனுமதியும் காப்பீட்டுத் தாளும், பான், ஆதார், கடந்த மூன்று ஆண்டு ரிட்டர்ன் ஒப்புகைகள், சம்பளத்தில் இருந்தவரானால் படிவம் 16. வரித் தகராறு இருந்தால் மேல்முறையீட்டு ஒப்புகை, சலான், தடை ஆணை. இந்த மூன்றும் பெட்டிக்குள் போய்ச் சரக்கோடு ஏறிவிடக் கூடாது. ஐலண்டர் கார்டு கப்பல் டிக்கெட்டில் சலுகை வாங்கித் தரும். குடியகல்வு கவுன்ட்டரில் அதற்கு வேலை இல்லை.

தேதி பற்றியும் ஒரு விஷயம். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், அந்த ஆண்டு வரிக் கணக்கில் அவர் வெளிநாடு வாழ்வோர். வெளிநாட்டில் சம்பாதித்து அங்கேயே பெறும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1-இலிருந்து எண்ணினால் செப்டம்பர் 28 என்பது 181-ஆவது நாள். புறப்படும் நாளும் கணக்கில் சேரும். ஆகவே செப்டம்பர் 28-இல் புறப்படுபவரும் மறுநாள் புறப்படுபவரும் வரியில் வெவ்வேறு நிலை. வந்துபோகும் நாட்களும் சேரும் என்பதால், அதே ஆண்டு தை மாதம் பொங்கலுக்கு ஊர் வருகிறவர் அந்த நாட்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

போன பிறகு பலருக்கு வரும் தலைவலி ஓடிபி. ஆதாரோடு இணைந்த சிம் அணைந்துவிட்டால் வரி இணையதளத்தின் கதவும் மூடிக்கொள்ளும். அந்த சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், நெட் பேங்கிங் வழியாக நுழையும் வசதியையும் இங்கேயே செய்துகொண்டு போங்கள். போகிற நாட்டிலும் வரி கிளியரன்ஸ் இருக்கலாம். சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் வேலையை விடுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே நிறுவனம் ஐஆர்21 படிவம் போட்டு, அவருக்குத் தர வேண்டிய பணத்தைப் பிடித்து வைக்கிறது. மலேசியாவில் நாட்டை விட்டே போகும் ஊழியருக்கு சிபி21. கடைசி மாதச் சம்பளம் வரவில்லையே என்று முதலாளியோடு சண்டை போடுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் அமலாகும் நாள் 2026 ஏப்ரல் 1. அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. மேலே சொன்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், அலுவலகத்தில் படிவத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

‘டாக்ஸ் கிளியரன்ஸ் வாங்கித் தருகிறேன், தனியாகப் பணம் ஆகும்’ என்று ஏஜென்ட் சொன்னால், உங்கள் பாக்கிப் பக்கத்தை அவர் முன்னாலேயே திறந்து காட்டுங்கள். அது வெறுமையாக இருந்து, உங்கள்மேல் விசாரணை எதுவும் இல்லையென்றால், வாங்க வேண்டிய சான்றிதழே இல்லை. பதிவுபெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கும் ரசீது கேட்டு வாங்குங்கள்.